58.40Y-யும் 1:03.90S-உம்: யார் முந்தியது?

என் தங்கை மகள் நியூஜெர்சியில் நீச்சல் கிளப்பில் இருக்கிறாள். போன குளிர்காலத்தில் ஒரு போட்டி முடிந்ததும் குடும்ப வாட்ஸ்அப்பில் முடிவுத் தாளின் படம் வந்தது. 100 ஃப்ரீஸ்டைல், 58.40Y. "ஒரு நிமிஷத்துக்குள்ளே முடிச்சிட்டாளா!" என்று அப்பா நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அதே வாரம் சென்னையில் 25 மீட்டர் குளத்தில் நீந்திய என் அண்ணன் மகன் 1:03.90 எடுத்திருந்தான். அவனுடையதை யாரும் அவ்வளவாகக் கொண்டாடவில்லை. ஐந்தரை வினாடி பின்தங்கியவன் என்று முடிவாகிவிட்டது. பையன் முகம் வாடிப்போனது.

அந்த 58.40-க்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த Y என்ற எழுத்தை யாரும் கவனிக்கவில்லை. அமெரிக்கப் போட்டி முடிவுத் தாள்களில் நேரத்தின் வாலில் மூன்று எழுத்துகளில் ஒன்று இருக்கும். Y என்றால் 25 யார்டு குளம், S என்றால் 25 மீட்டர் குளம், L என்றால் 50 மீட்டர் குளம். யார்டு வேறொன்றுமில்லை, நம் துணிக்கடைக் கஜம்தான். ஒன்பது கஜப் புடவை கிட்டத்தட்ட எட்டேகால் மீட்டர் வருவதுபோல, 25 யார்டு குளம் 22.86 மீட்டர்தான் வரும். ஆக, அவள் நீந்திய 100, மீட்டரில் 91.44. அவன் நீந்திய 100, முழு 100.

சரி, அப்படியானால் தூரத்தின் விகிதத்தால் பெருக்கிவிட்டால் போதாதா? 100-ஐ 91.44-ஆல் வகுத்தால் 1.0936. அவளுடைய 58.40-ஐ அதால் பெருக்கினால் 63.87 வினாடி, அதாவது 1:03.87. அண்ணன் மகனைவிட வினாடியில் நூற்றில் மூன்று பங்கு முன்னே. கணக்கு முடிந்தது என்று தங்கை கணவர் எழுதினார். கணக்குச் சரிதான், ஆனால் நீச்சல் அப்படி நடப்பதில்லை.

ஓட்டப்பந்தயத்தில் ஒருவர் ஓடும் ஒவ்வொரு மீட்டரும் ஏறக்குறைய ஒரே மாதிரியானது. குறுகிய குளத்தில் அப்படியில்லை. அங்கே இரண்டு வகை மீட்டர்கள் இருக்கின்றன. டைவ் அடித்து உள்ளே போகும்போதும், திரும்பிச் சுவரை உதைத்துக் கிளம்பும்போதும் கிடைக்கும் மீட்டர்கள் ஒரு வகை. அவற்றில் உடம்பு, கை வீசி நீந்தும் வேகத்தைவிட வேகமாகப் போகும். காலும் சுவரும் கொடுத்த தள்ளு அது. சில மீட்டருக்குள் அந்த வேகம் கரைந்து சாதாரண நீச்சல் வேகத்துக்கு இறங்கிவிடும். அதற்குப் பிறகு அடுத்த சுவர் வரை மேற்பரப்பில் கையாலும் காலாலும் இழுத்துச் சம்பாதிக்கும் மீட்டர்கள் இரண்டாவது வகை.

இப்போது இரண்டு குளங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 100 யார்டுக்கு நான்கு நீளம், ஒரு டைவ், மூன்று டர்ன். 100 மீட்டருக்கும் நான்கு நீளம், ஒரு டைவ், மூன்று டர்ன். சுவர் தரும் இனாம் இரண்டிலும் ஒன்றே. மீட்டர் குளத்தில் ஒவ்வொரு நீளத்துக்கும் கூடுதலாக வருவது 2.14 மீட்டர், அந்த 2.14 முழுவதும் இரண்டாவது வகை. அதாவது கூடுதல் தூரம் சராசரி வேகத்தில் கடக்கப்படுவதில்லை, பந்தயத்தின் மெதுவான வேகத்தில் கடக்கப்படுகிறது. தூர விகிதமோ அந்தக் கூடுதல் மீட்டர்களிலும் டைவும் உதையும் கொஞ்சம் கலந்திருப்பதாக எண்ணிக்கொள்கிறது. அதனால்தான் 1.0936 எப்போதும் கொஞ்சம் தாராளமாக, மீட்டர் நேரத்தை உண்மையைவிடக் குறைத்துக் காட்டும்.

அமெரிக்கக் கல்லூரி நீச்சல் உலகத்தில் இது பழைய தலைவலி. அவர்களுடைய தேசிய சாம்பியன்ஷிப் வழக்கமாக 25 யார்டு குளத்தில்தான் நடக்கும். 2000, 2004 ஆகிய இரண்டு ஒலிம்பிக் ஆண்டுகளில் மட்டும் அதை 25 மீட்டருக்கு மாற்றிப் பார்த்தார்கள். உலக சாதனைப் பட்டியலில் யார்டு நேரங்களுக்கு இடமில்லை, மீட்டர் நேரங்களுக்கு உண்டு. 2004 போட்டியில் இயன் குரோக்கர் 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் எடுத்த 49.07 அப்படித்தான் உலக சாதனையானது. அதற்குப் பிறகு பழையபடி யார்டுக்கே திரும்பிவிட்டார்கள். இரண்டு உலகங்களுக்கும் நடுவே பாலமாக அங்கே புழங்கும் எண் 1.11. யார்டு நேரத்தை 1.11-ஆல் பெருக்கினால் மீட்டர் நேரம், மீட்டர் நேரத்தை 1.11-ஆல் வகுத்தால் யார்டு நேரம். தூர விகிதத்தைவிட இது கொஞ்சம் கடுமையானது. மேலே சொன்ன காரணத்தைப் பார்த்தால், கடுமையாக இருக்கவேண்டியதும்தான்.

அந்த 1.11-ஐ உலகின் மிக வேகமான இரண்டு பேரிடம் சோதித்துப் பார்க்கலாம். கேமன் தீவுகளைச் சேர்ந்த ஜோர்டன் குரூக்ஸ் டென்னசி பல்கலைக்கழகத்துக்காக 2023 பிப்ரவரியில் 50 யார்டு ஃப்ரீஸ்டைலை 17.93-இல் முடித்தார். 1.11-ஆல் பெருக்கினால் 19.90. 2024 டிசம்பரில் புடாபெஸ்ட் குறுங்குள உலகப் போட்டி அரையிறுதியில் அவர் 50 மீட்டரை நீந்திய நேரம்? 19.90. நூற்றில் ஒரு பங்குகூடப் பிசகவில்லை. அன்று அது உலக சாதனை, 20 வினாடிக்குக் கீழே முதல் முறை.

இதைப் பார்த்து 1.11-க்குக் கோயில் கட்டிவிடலாம் என்று தோன்றும். அதற்குமுன் கேலப் டிரெசலைப் பார்த்துவிடுவோம். 2018 மார்ச்சில், மினியாபொலிஸில் நடந்த கல்லூரிச் சாம்பியன்ஷிப்பில், அவர் 50 யார்டை 17.63-இல் முடித்தார். 1.11-ஆல் பெருக்கினால் 19.57 வரவேண்டும். 2020 நவம்பரில் புடாபெஸ்டில் அவர் 50 மீட்டரில் எடுத்தது 20.16. அதுவும் அன்றைக்கு உலக சாதனைதான், ஆனாலும் கணிப்பைவிட அரை வினாடிக்கு மேல் அதிகம். ஐம்பது மீட்டர் பந்தயத்தில் அரை வினாடி என்பது தங்கத்துக்கும் இறுதிப் போட்டிக்கே வராமல் போவதற்கும் உள்ள தூரம். அதே 2018 போட்டியில் 100 யார்டு பட்டர்ஃபிளையை அவர் 42.80-இல் முடித்தார். அதை 1.11-ஆல் பெருக்கினால் 47.51. அதே 2020 நவம்பரில் 100 மீட்டரில் எடுத்தது 47.78. இது ஓரளவு நெருக்கம். ஒரே ஆள், ஒரே இரண்டு குளங்கள், ஆனால் ஒரு பந்தயத்தில் விகிதம் 1.143, இன்னொன்றில் 1.116.

எங்கே தவறு என்று கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. பெருக்குவதை விட்டுவிட்டுக் கழித்துப் பாருங்கள். 50-க்குக் கூடுதல் தூரம் 4.28 மீட்டர். குரூக்ஸ் அதற்கு எடுத்துக்கொண்ட கூடுதல் நேரம் 1.97 வினாடி. வகுத்தால் வினாடிக்கு 2.17 மீட்டர். ஒரு முன்னணி வேக நீச்சல்காரர் குளத்தின் நடுவில் நீந்தும் வேகத்துக்கு இது பொருந்துகிறது. ஆக அந்த இரண்டு நேரங்களும் ஒரே தரத்து நாட்களில் வந்தவை. டிரெசலுக்கோ கூடுதல் நேரம் 2.53 வினாடி, வேகம் வினாடிக்கு 1.69 மீட்டர். டிரெசல் 50 ஃப்ரீஸ்டைலில் அவ்வளவு மெதுவாக நீந்துகிறவர் இல்லை. அப்படியானால் இங்கே பிசகியது குளத்தின் கணக்கு அல்ல. அந்த இரண்டு நீச்சல்களுமே சமமானவை அல்ல. ஒன்று சீசனின் உச்சத்தில், அதற்கென்றே ஓய்வெடுத்துத் தயாராகி வந்த மார்ச் மாதப் போட்டி. மற்றது இலையுதிர்காலத்தில் வாரக்கணக்காகத் தொடர்ந்த லீக் போட்டி. எந்தப் பெருக்கு எண்ணாலும் இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட முடியாது. குரூக்ஸ்கூட அரையிறுதியில் 19.90 நீந்திவிட்டு, இறுதிப் போட்டியில் 20.19 நீந்தித்தான் தங்கம் வாங்கினார். ஒரே குளத்தில், ஒரே ஆளிடம், ஒரு நாள் இடைவெளியில் 0.29 வினாடி. மாற்றுக் கணக்கில் இரண்டு தசம இடம் வரை சண்டை போடுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்தக் கழித்தல் சோதனையைத் திருப்பிப் போட்டால் கணிக்கும் முறை கிடைக்கிறது. நீச்சல்காரரின் சொந்த மேற்பரப்பு வேகம் தெரிந்தால் 1.11 தேவையே இல்லை. அவருடைய வேகத்தில் 2.14 மீட்டருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்த்து, எத்தனை நீளமோ அத்தனை முறை யார்டு நேரத்தோடு கூட்டிவிட வேண்டியதுதான்.

அந்த வேகத்தை அளக்க ஒரு வசதி குளத்திலேயே இருக்கிறது. லேன் கயிறுகளில் இரண்டு முனையிலிருந்தும் 15 மீட்டரில் ஒரு நிற மாற்றம் இருக்கும். ஃப்ரீஸ்டைல், பேக்ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளை மூன்றிலும் தண்ணீருக்கடியில் அதற்குமேல் போகக்கூடாது என்பதற்கான எல்லைக்குறி. யார்டு குளத்திலும் அது 15 மீட்டரில்தான், அதாவது 16.4 யார்டில். குளத்தின் நீளம் 22.86 என்பதால் ஒரு முனையிலிருந்து பார்த்தால் ஒரு குறி 7.86 மீட்டரிலும் மற்றது 15 மீட்டரிலும் வரும். இரண்டுக்கும் நடுவே 7.14 மீட்டர். சிறுவர் பிரிவு ஃப்ரீஸ்டைல்காரர்கள் பெரும்பாலும் 7.86-க்கு முன்பே மேலே வந்து நீந்த ஆரம்பித்துவிடுவார்கள். ஆக இரண்டு குறிகளுக்கு இடையே தலை கடக்கும் நேரம் சுத்தமான மேற்பரப்பு நீச்சல். இதில் ஒரு அழகான தற்செயலும் இருக்கிறது. 2.14 மீட்டர் என்பது 7.14 மீட்டரில் கிட்டத்தட்ட மிகச் சரியாகப் பத்தில் மூன்று பங்கு. குறிக்குக் குறி நேரத்தை 0.3-ஆல் பெருக்கினால் ஒரு நீளத்துக்கான கூடுதல் நேரம் கையில் வந்துவிடும்.

தங்கை மொபைலில் எடுத்திருந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நான்கு நீளத்துக்கும் சராசரியாகக் குறிக்குக் குறி 4.85 வினாடி. நான்கையும் அளப்பது முக்கியம். முதல் நீளத்தை மட்டும் அளந்தால் களைப்பில்லாத வேகம் கிடைக்கும், கடைசியை மட்டும் அளந்தால் தேய்ந்துபோன வேகம் கிடைக்கும். 4.85-இன் 0.3 மடங்கு 1.455. நான்கு நீளத்துக்கு 5.82. அவளுடைய 58.40-உடன் கூட்டினால் 64.22 வினாடி, 1:04.22. தூர விகிதம் 1:03.87 என்றது, 1.11 என்ற எண் 1:04.82 என்கிறது, அவளுடைய சொந்த வேகம் நடுவில் ஒரு இடத்தைக் காட்டுகிறது. அண்ணன் மகனின் 1:03.90-உடன் வைத்துப் பார்த்தால், முதல் கணக்கில் அவள் ஒரு மயிரிழை முன்னே, இரண்டாவதில் கிட்டத்தட்ட ஒரு வினாடி பின்னே, மூன்றாவதில் 0.32 பின்னே. என் தீர்ப்பு: மூன்றாவது கணக்குத்தான் நம்பத் தகுந்தது, ஆனால் 0.32 என்பது யாரும் பட்டாசு வெடிக்கவோ முகம் வாடவோ போதுமான வித்தியாசம் இல்லை.

இந்த முறைக்கும் ஓட்டைகள் உண்டு. லேன் கயிறு தளர்ந்திருந்தாலோ, மீட்டர் குளத்துக்குக் கட்டிய கயிற்றை அப்படியே யார்டு குளத்தில் மாட்டியிருந்தாலோ குறிகள் இடம் மாறியிருக்கும். குளத்தின் ஓரத் தரையில் 15 மீட்டர் அடையாளம் இருந்தால் அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. கேமரா ஒரு முனையில் இருந்து சாய்வாகப் பார்த்தால் தலை எப்போது குறியைக் கடந்தது என்பதே தெரியாது, பக்கவாட்டில் நடுவே நின்று எடுக்கவேண்டும். பெரிய ஓட்டை இன்னொன்று. கூடுதல் 2.14 மீட்டரும் மற்ற மேற்பரப்பு மீட்டர்களைப் போலவே நீந்தப்படும் என்று எண்ணிக்கொள்கிறோம். ஆனால் ஒவ்வொரு நீளத்திலும் சுவருக்கு முந்தைய கடைசி இரண்டு மீட்டர்தான் மூச்சும் கையும் ஓய்ந்த இடம். களைப்பு சேரச் சேர உண்மை நேரம் கணிப்பைவிடக் கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

பட்டர்ஃபிளையிலும் பேக்ஸ்ட்ரோக்கிலும் கதை சற்று மாறுகிறது. தண்ணீருக்கடியில் டால்ஃபின் உதையில் கெட்டிக்காரரான ஒருவர் ஒவ்வொரு சுவரிலும் 15 மீட்டர் எல்லை வரை அடியிலேயே போகிறார் என்று வைத்துக்கொள்வோம். யார்டு குளத்தில் அவருக்கு மேலே வந்து நீந்த வேண்டியது 7.86 மீட்டர்தான். மீட்டர் குளத்தில் 10 மீட்டர். சட்டம் அவரை மேலே தள்ளிவிடுவதால் கூடுதல் 2.14 முழுக்க அவருடைய பலவீனமான பகுதியில் போய் விழுகிறது. எட்டு மீட்டரில் மேலே வருகிற ஒருவருக்கோ இன்னும் இடம் இருக்கிறது. மூச்சும் காலும் ஒத்துழைத்தால் மீட்டர் குளத்தில் ஒரு உதை, இரண்டு உதை சேர்த்துப் போட்டு, கூடுதல் தூரத்தின் ஒரு பகுதியைத் தண்ணீருக்கடியிலேயே தள்ளிவிடலாம். அதனால் யார்டில் சமமாக நேரம் எடுக்கும் இரண்டு பேர் மீட்டரில் சமமாக இருக்கமாட்டார்கள். முதலாமவருக்கு விகிதம் ஏறும், இரண்டாமவருக்கு ஏறாமலும் போகலாம்.

பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் வேறு தொல்லை. சுவரிலிருந்து கிளம்பியதும் தண்ணீருக்கடியில் ஒரே ஒரு நீண்ட இழுப்புக்குத்தான் அனுமதி, அதற்குப் பிறகு மேலே வந்து ஸ்ட்ரோக் எண்ணிக்கைதான். வருடக்கணக்காக யார்டு குளத்தில் நீந்தியவருக்கு ஒரு நீளத்துக்கு இத்தனை ஸ்ட்ரோக், கடைசி ஸ்ட்ரோக் முடியும்போது கை சுவரில் என்று உடம்பே பழகியிருக்கும். 2.14 மீட்டர் என்பது பலருக்கு ஒன்றேகால், ஒன்றரை ஸ்ட்ரோக். முழு எண்ணாக வராது. பாதி ஸ்ட்ரோக்கில் சுவர் வந்து நிற்கும்போது ஒன்று கையை நீட்டி மிதந்து காத்திருக்கவேண்டும், இல்லையென்றால் அவசரமாக ஒரு குட்டி ஸ்ட்ரோக் போடவேண்டும். இரண்டிலும் நேரம் போகும், மூன்று டர்னிலும் முடிவிலும் திரும்பத் திரும்பப் போகும். யார்டுக்குப் பழகிய ஒருவர் முதல் மீட்டர் போட்டியில் கணிப்பைவிட மோசமாக நீந்தினால், உடல் தகுதியைச் சந்தேகிக்கும் முன் வீடியோவில் டர்னுக்கு முந்தைய கடைசி ஸ்ட்ரோக்கைப் பாருங்கள். பாதி சிக்கல் அங்கேதான் இருக்கும். பட்டர்ஃபிளைக்கும் இது பொருந்தும்.

நீண்ட தூரப் பந்தயங்களில் பெயர்களே குழப்பும். மீட்டர் குளத்தின் 400-க்கு யார்டு குளத்தில் ஜோடி 400 அல்ல, 500. மீட்டரில் அது 457.2. இருபது நீளம், எதிர்ப்பக்கம் பதினாறு நீளம். இங்கே 1.11-ஆல் பெருக்கினால் அபத்தமான விடை வரும். எனக்குத் தெரிந்த நல்ல வழி, 500-க்குள் 400 யார்டு முடிந்தபோது ஓடிய நேரத்தை முடிவுத் தாளிலிருந்து எடுத்துக்கொள்வது. அது பதினாறு நீளம், பதினைந்து டர்ன், மீட்டர் 400-ஐப் போலவே. அதோடு பதினாறு நீளத்துக்கான கூடுதல் நேரத்தைக் கூட்டலாம். ஒரு எச்சரிக்கை: 500 நீந்துகிறவர் கடைசி நூறுக்காகக் கொஞ்சம் கையிருப்பு வைத்திருப்பார். அதனால் வரும் விடை அவரால் முடிந்ததைவிடச் சற்று மெதுவாகவே இருக்கும்.

1650 யார்டு இன்னும் வேடிக்கை. அது 1508.76 மீட்டர், 66 நீளம். மீட்டர் குளத்தின் 1500, அறுபதே நீளம். தூரம் எட்டரை மீட்டருக்கும் சற்றுக் கூடுதலாகக் குறைகிறது, ஆனால் ஆறு சுவர்களும் குறைகின்றன. ஒன்று கொடுத்ததை மற்றொன்று எடுத்துக்கொள்வதால் இரண்டு நேரங்களும் ஏறக்குறைய பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். டர்னில் பலமில்லாதவருக்கு 1500 மீட்டர் கொஞ்சம் சாதகம், சுவரை நன்றாக உதைக்கிறவருக்கு 1650 யார்டு.

இங்கிருந்து அமெரிக்கக் கல்லூரிக் கோச்களுக்கு மெயில் அனுப்பும் பிள்ளைகள் செய்யும் ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். மீட்டர் நேரத்தை 1.11-ஆல் வகுத்து, வந்த எண்ணைத் தங்கள் யார்டு நேரம் என்றே எழுதிவிடுகிறார்கள். 60.00S என்று நீந்தியவர் 54.05Y என்று எழுதினால் அது அவர் எங்கும் நீந்தாத நேரம். எந்தக் குளத்தில் எடுத்த நேரமோ அதை அந்த எழுத்தோடு முதலில் எழுதவேண்டும். மாற்றிய நேரம் வேண்டுமென்றால், மாற்றியது என்று சொல்லிப் பக்கத்தில் போடலாம். கூடவே ஒரு டர்னும் மேலே வரும் இடமும் தெரிகிற வீடியோ அனுப்பினால், யார்டு குளத்தில் என்ன ஆகும் என்பதை அந்தக் கோச் பெருக்கல் இல்லாமலே ஊகித்துக்கொள்வார். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு அவ்வளவு தேவைப்படாது. வயதுப் பிரிவுத் தகுதி நேரப் பட்டியல்கள் யார்டு, குறுங்குள மீட்டர், நெடுங்குள மீட்டர் என்று மூன்று தனிப் பத்திகளாகவே வெளியாகின்றன. அவரவர் நீந்திய பத்தியைப் பார்த்தால் போதும்.

அண்ணன் மகனுக்கு இதையெல்லாம் விளக்கிவிட்டு, அவனுடைய 1:03.90-ஐ எதிர்த்திசையிலும் போட்டுக் காட்டினேன். அவனுக்கு வீடியோ இல்லை. குளத்தின் நடுவில் 10-க்கும் 15-க்கும் இடைப்பட்ட ஐந்து மீட்டரை அவனுடைய கோச் பயிற்சியில், பந்தய வேகத்தில், 3.4 வினாடி என்று அளந்து வைத்திருந்தார். வினாடிக்கு 1.47 மீட்டர், ஏறக்குறைய அவளுடைய அதே வேகம். 8.56 மீட்டருக்கு 5.82 வினாடி. கழித்தால் 58.08Y. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை வாங்கிப் பார்த்தார். "அப்போ இவனும் ஒரு நிமிஷத்துக்குள்ளேதானா?" என்றார். "யார்டுல, தாத்தா," என்றான் பையன்.